நூற்றிருபது வடிகட்டிகளும் நான்காவது கட்டமும்

பதிவேட்டக்காவின் அசைன்மென்ட் இரண்டாம் முறையும் திரும்பி வந்தது. எந்நேரமும் கக்கத்தில் ஒரு பதிவேட்டை இடுக்கிக்கொண்டு அலைவதால் வந்த பெயர் அது. கிராமத் திட்டங்கள் நடத்தும் தொண்டு நிறுவனம் ஒன்றில் அவள் பத்து வருடமாகக் களப்பணியாளர். மேற்பார்வையாளர் நாற்காலி காலியாகக் கிடக்கிறது. அதில் உட்கார வேண்டுமானால் கிராம வளர்ச்சிப் பட்டயம் வேண்டும். பட்டயத்துக்கு இந்த ஒரு அசைன்மென்ட்தான் பாக்கி. மூன்றாம் முறையும் திரும்பினால் முதல் வருடத்திலிருந்து மறுபடி படிக்க வேண்டும் என்று விதி. அதுவரை நாற்காலி காத்திருக்குமா? அலுவலகத்தில் அதன்மேல் கண் வைத்திருந்தவர்கள் மட்டும் மூன்று பேர்.

கேட்டதென்னவோ ஒரே ஒரு பக்கம். ஒரு திட்டத்துக்குத் தர்க்கச் சட்டக அட்டவணை போட வேண்டும். மேலிருந்து கீழே நான்கு வரிசை: இலக்கு, விளைவு, வெளியீடு, செயல்பாடு. இடமிருந்து வலமாக நான்கு கட்டம்: விவரம், குறிகாட்டி, சரிபார்க்கும் வழி, அனுமானம். பத்து வருடமாகக் கட்டம் நிரப்பியே சோறு தின்கிறவளுக்கு இது ஒரு வேலையா? இரண்டு வருடத்துக்கு முன் தானே முன்னின்று நடத்திய தண்ணீர் வடிகட்டித் திட்டத்தை எடுத்துக்கொண்டாள். விளைவு வரிசையில், ‘120 வீடுகளுக்கு வடிகட்டி வழங்கிப் பயிற்சியும் அளிக்கப்பட்டது’ என்று முத்து முத்தாக எழுதிக் கொடுத்தாள். அதுதான் சிவப்பு மையில் குளித்துத் திரும்பியிருந்தது.

“நீ எழுதினது வெளியீடு, அதாவது திட்டம் கொடுத்த பொருளும் பயிற்சியும்,” என்றார் விரிவுரையாளர் அம்மாள். சனிக்கிழமை வகுப்பு முடிந்து எல்லோரும் போயிருந்தார்கள். “வாங்கினவங்க அதுல தண்ணி குடிக்கிறாங்களா, அதுதான் விளைவு. அதனால குழந்தைங்களுக்கு வயித்துப்போக்கு குறையுதா, அது இலக்கு. எத்தனை வீட்டுல குடிக்கிறாங்க?”

“எல்லா வீட்டுலயும் மேடம். நூறு சதவீதம். எங்க அறிக்கையிலயே இருக்கு.”

“அறிக்கை எழுதினது யாரு?”

“நான்தான் மேடம்.”

அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அடுத்த சனிக்கிழமை கடைசி. நேர்ல கேள்வி கேப்பேன். உங்க திட்டம்ங்கறதால உங்க மேலாளர் கையெழுத்தும் வேணும். போய் வீடு வீடாப் பாரு. குடிக்கிறீங்களான்னு மட்டும் கேட்டுட்டு வந்துடாதே. மூடியைத் திறந்து பாரு.”

நூற்றிருபது வீட்டுக்கும் போக நாள் இல்லை. பட்டியலில் நான்காவது வீடு, எட்டாவது வீடு என்று நாலுக்கு ஒன்றாக எடுத்து முப்பது வீட்டைக் குறித்துக்கொண்டாள். முதல் வீட்டுக்காரி வாசலிலேயே, “தினமும் அதுலதான்க்கா குடிக்கிறோம், வேற தண்ணியே தொடறதில்ல,” என்றாள். மூடியைத் திறந்தால் வெங்காயம். இரண்டாவது வீட்டில் சாவிக்கொத்தும் பழைய ரேஷன் அட்டையும். மூன்றாவது வீட்டில் மூடியே இல்லை, உள்ளே ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. “எட்டு முட்டைக்கா,” என்றார் வீட்டுக்காரர் பெருமையாக. பாவம், அந்தத் திட்டத்தில் ஒழுங்காக வெளியீடு தரப்போவது அந்தக் கோழி ஒன்றுதான்.

முப்பதில் நாலு வீட்டில்தான் உள்ளே தண்ணீர் இருந்தது, அடியிலிருந்த குழாயும் ஈரமாக இருந்தது. அந்த நாலு வீட்டில் அப்படி என்ன விசேஷம் என்று பதிவேட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். படிப்பு இல்லை, வசதி இல்லை, ஒன்றும் இல்லை. அந்த நாலில் கடைசி வீட்டுக்காரி, தையல் மிஷின் மேசைமேல் வைத்திருந்த வடிகட்டியில் குடம் பிடித்துக்கொண்டே சொன்னாள்: “தரையில வச்சா குழாய்க்கு அடியில குடம் எங்கக்கா நுழையும்? டம்ளர்தான் நுழையும். டம்ளர் டம்ளரா யாரு பிடிச்சிட்டிருப்பா?”

மற்ற மூன்று வீட்டிலும் வடிகட்டி திண்ணையிலோ திட்டிலோ உயரத்தில் இருந்தது பதிவேட்டக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. பயிற்சி கொடுத்தது அவள்தான். பள்ளிக்கூட மேசைமேல் வடிகட்டியை வைத்து, அழகாக ஒரு டம்ளரில் பிடித்துக் காட்டினாள். எல்லோரும் கைதட்டினார்கள். மேசை யார் வீட்டில் இருக்கிறது என்று அவளும் கேட்கவில்லை, கைதட்டியவர்களும் சொல்லவில்லை.

வெட்கம் பிடுங்கித் தின்ன வீட்டுக்கு வந்தவள், வந்த வேகத்தில் தன் வீட்டு வடிகட்டியைத் திறந்தாள். திட்டத்தில் மிஞ்சிய ஒன்றை மேலாளர் அவளுக்குக் கொடுத்திருந்தார். உள்ளே கலர் வாரியாக நூல்கண்டுகள். அவள் புருஷன் தையல்காரர்; வீட்டில் தண்ணீர் பிடித்து வைப்பதும் அவர்தான்.

“இத்தனை நாளா ஏங்க சொல்லல?”

“நீ ‘குடிக்கிறீங்களா’ன்னு கேட்டே. ஆசையாக் கேக்கறவகிட்ட இல்லைன்னா சொல்ல முடியும்?” என்றார் அந்த மனிதர், ஊசியில் நூல் கோத்தபடி.

மறுநாள் மேலாளரிடம் புது அட்டவணையைக் கொண்டுபோனாள். விளைவுக்கு நேரே குறிகாட்டி: ‘ஓராண்டு முடிவில் 120 வீடுகளில் 90 வீட்டார் தினமும் வடிகட்டிய நீரையே குடிப்பார்கள். இன்றைய நிலை: 30 வீட்டு மாதிரியில் 4.’ சரிபார்க்கும் வழி: ‘முன்னறிவிப்பின்றி வீடு சென்று மூடி திறந்து பார்த்தல்.’ மேலாளருக்கு முகம் சுண்டிப்போனது.

“முப்பதுல நாலா? நூறு சதவீதம்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கோமே. என் தலையில மண்ணைப் போடறியா? பழைய கணக்கையே எழுது, கையெழுத்துப் போடறேன்.”

கையெழுத்து இல்லாமல் அட்டவணை இல்லை, அட்டவணை இல்லாமல் நாற்காலி இல்லை. பழைய கணக்கை எழுதினால் எல்லாம் சுமுகமாக முடிந்துவிடும், மேடத்தைத் தவிர. அவள் தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

“சார், வெளியீட்டுக்கு நேரா நாலாவது கட்டத்தைப் பாருங்க. வடிகட்டி கொடுத்தாச்சு, கூடவே இந்த அனுமானமும் நிஜமா இருந்தாத்தான் விளைவு வரும். ‘வீட்டில் உயரமான இடம் இருக்கும்.’ இதை நாம எழுதவே இல்லை, மனசுக்குள்ளயே வச்சிருந்தோம். இப்ப இது பொய்னு தெரிஞ்சு போச்சு. பொய்னு தெரிஞ்சு, நம்மளால சரி பண்ணவும் முடியும்னா, அது அனுமானக் கட்டத்துல இருக்கக்கூடாதாம். அடிச்சிட்டு வெளியீட்டுக்குக் கொண்டு வந்துட்டேன். ‘120 வடிகட்டிப் பீடங்கள், ஒன்றரை அடி உயரம்.’”

மேலாளர் தாளைத் தூரப் பிடித்துப் பார்த்தார். கிட்டப் பிடித்துப் பார்த்தார். “அப்போ இது தோல்வி இல்லையா?”

“இன்னும் முடிக்காத திட்டம் சார்.”

“ரெண்டாம் கட்டம்னு சொல்லி நிதி கேக்கலாம்,” என்றார் தனக்குள்ளேயே. முகத்தில் ரத்தம் திரும்பியது. பேனாவை அவரே தேடி எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமை விரிவுரையாளர் அம்மாள் கீழிருந்து மேலாக ஒவ்வொரு வரிசையையும் விரலால் தொட்டுக் கேட்டார். இதைச் செய்தால், இந்த அனுமானமும் கூடினால், அது நடக்குமா? பதிவேட்டக்கா தட்டுத் தடுமாறிச் சொன்னாள். இலக்கைச் சரிபார்க்கும் வழியாகச் சுகாதார நிலையப் பதிவேடு என்று எழுதியிருந்ததற்குத் தலையசைப்பு கிடைத்தது. சிவப்பு மைப் பேனா இன்னும் மூடியபடியே இருந்தது.

“கடைசியா ஒண்ணு,” என்றார் அம்மாள். “உன் வீட்டுல வடிகட்டி இருக்கா? அதுல குடிக்கிறியா?”

பதிவேட்டக்காவின் நாக்கு நுனியில் ‘தினமும் மேடம்’ தயாராக நின்றது. ஊரே சொன்ன பதில், அவளுக்கு மட்டும் வராதா? அவளுடைய வீட்டுக்கு வந்து மூடி திறக்கப்போவது யார்?

“நூல்கண்டு இருக்கு மேடம்,” என்றாள். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

பேனா ஓடும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்து, தலைகீழாகத் தெரிந்த எழுத்தை எழுத்துக் கூட்டிப் படித்தாள். தேர்ச்சி. உடம்பில் இருந்த பாரமெல்லாம் இறங்கிவிட்டது. தாளை வாங்கக் கை நீட்டினாள்.

அம்மாள் தாளை விடவில்லை. கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். மேசை விளிம்பிலிருந்த துண்டுச் சீட்டை இழுத்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“அந்தப் பீடம் எத்தனை அடி உயரம்னு சொன்னே?”