மூன்றாவது ஒத்திவைப்பு

உவரியில் படகு எஞ்சின் உதிரிபாகக் கடை நடத்தும் யூனிஸுக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்று தெரிந்த வாரமே, வணிக வரி அலுவலகத்திலிருந்து அடுத்த விசாரணைத் தேதியும் வந்தது. அறுவை சிகிச்சைக்குக் குறித்த நாளும் விசாரணை நாளும் ஒன்றாகவே அமைந்துவிட்டன.

மீன்பிடிப் படகுக்கான பாகங்கள் என்று குறைந்த வரி போட்டு அவள் விற்றிருந்தாள். அவை மீன்பிடிப் படகுகளுக்குத்தான் போயின என்பதற்கு ஆதாரம் எங்கே, இல்லையென்றால் முழு வரி கட்டு என்றது நோட்டீஸ். ஆதாரம் திரட்டவே இரண்டு முறை அவகாசம் வாங்கி, திரட்டாமலே விட்டிருந்தாள். ஒரு தடவை கோயில் திருவிழா. இன்னொரு தடவை, வரி ஆலோசகர் மணிராஜ் சென்னைக்குப் போயிருந்தான்.

"மூணு தடவைக்கு மேல ஒத்திவைக்கச் சட்டத்துல இடமில்லக்கா," என்றான் மணிராஜ், பாளையங்கோட்டையில் தன் அலுவலகத்தில் உட்கார்ந்து. "உடல்நலக் குறைவுன்னு எழுதி இணையத்துல அனுப்பிட்டேன். ஆபீசர் மேடம் போன் பண்ணினாவ. காரணம் தெளிவா இல்ல, மருத்துவ ஆதாரம் வேணுமின்னு சொல்லுதாவ. ஸ்கேன் ரிப்போர்ட்ட தாங்க, ஏத்திருவோம்."

யூனிஸ் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். "எங்க ஊட்டுக்காரருக்கும் டாக்டருக்கும் தெரிஞ்ச விசயம். ஒரு ஆபீஸ்ல உள்ளவங்க எல்லாம் படிக்கணுமாக்கும்?"

"அப்ப நான் மட்டும் விசாரணைக்குப் போயி நிக்கட்டா? நீங்க குடுத்த அதிகாரக் கடிதம் இருக்கு."

"வெறுங்கையோட போயி என்னத்தச் சொல்லுவ?"

மறுநாள் காலை அவளே திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினாள்.

மாநில வரி அலுவலர் நாகலக்ஷ்மி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். மேசை மேல் கோப்புகள், பக்கத்தில் இரண்டு எழுத்தர்கள். அவகாசம் கேட்டுத் தன் கையால் எழுதிய கடிதத்தை யூனிஸ் நீட்டினாள். ஸ்கேன் உறையைப் பாதி வெளியே எடுத்தாள்.

"அது எனக்கு வேண்டாம்மா," என்றார் நாகலக்ஷ்மி, குரலைத் தாழ்த்தி. "என்ன நோவுன்னு நான் கேக்கல. இந்தத் தேதியில ஆபரேஷன், இத்தன நாள் ஓய்வுன்னு உங்க டாக்டர் ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதும். காரணம் போதுமானதான்னு பாத்து நான் பதிவு பண்ணணும், அவ்வளவுதான்."

யூனிஸுக்கு மூச்சு வந்தது. உறையை உள்ளே தள்ளினாள்.

அலுவலர் கடிதத்தை மறுபடி வாசித்தார். "நீங்க கேட்டிருக்கிற தேதிக்கு எந்திரிச்சு நடக்க முடியுமா?"

"ரொம்பத் தள்ளிக் கேட்டாத் தரமாட்டீங்கன்னு நெனச்சேன் மேடம்."

"இதுதான் கடைசி. அன்னைக்கு வர முடியலன்னா இன்னொண்ணு தர எனக்கு வழி கிடையாது. நான் உத்தரவு போடவும் கெடு இருக்கு." நாட்காட்டியைப் புரட்டினார். "கெடுவுக்கு முன்னால இந்தப் புதன்கிழமை வரைக்கும் போகலாம். ரெண்டு மாசம் கிட்ட வரும். தேதிய மாத்தி எழுதித் தாங்க. டாக்டர் சீட்டோட அதையே இணையத்துலயும் ஏத்தச் சொல்லுங்க."

அங்கேயே நின்று பழைய தேதியை அடித்து, புதிய தேதியை எழுதிப் பக்கத்தில் கையெழுத்திட்டாள் யூனிஸ். டாக்டரின் சீட்டு அன்று மாலையே மணிராஜுக்குப் போய்ச் சேர்ந்தது. ஒத்திவைத்த அறிவிப்பு இரண்டொரு நாளில் வந்தது.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. வீடு திரும்பியதும் பார்க்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பெரும்பாலும் அவளிடம் எஞ்சின் சாமான் வாங்கிய படகுக்காரர்கள். சாத்துக்குடியும் ஹார்லிக்ஸும் கொண்டு வந்தார்கள். மூன்றாவது ஆள் கிளம்பும்போதுதான் அவளுக்குச் சட்டென்று உறைத்தது.

"அண்ணாச்சி, பழம் இருக்கட்டும். ஒங்க படகுப் பதிவுச் சான்றுல ஒரு நகல் கொண்டு தாருமே. எங்கிட்ட வாங்கின சாமான் அதுக்குத்தான்னு ஒரு கையெழுத்தும் போட்டுத் தாரும்."

"இவ்வளவுதானா? நாளைக்கே தாரேன் தாயி."

செய்தி கடற்கரையில் பரவியது. அதற்குப் பிறகு நலம் விசாரிக்க வந்தவர்கள் கையில் நகலோடுதான் வந்தார்கள். கட்டிலில் சாய்ந்தபடியே ஒவ்வொன்றையும் அதற்குரிய பில்லோடு சேர்த்துக் கட்டினாள்.

குறித்த புதன்கிழமை மணிராஜோடு அவள் விசாரணைக்குப் போனாள். நாகலக்ஷ்மி முகத்தில் எதையும் காட்டாமல் ஒவ்வொரு பில்லாகப் பார்த்தார், கேள்வி கேட்டார், அவள் சொன்னதைப் பதிவு செய்து கையெழுத்து வாங்கினார்.

உத்தரவு மாதக் கடைசியில் வந்தது. ஆதாரம் இருந்தவற்றுக்குக் கேட்ட வரி கைவிடப்பட்டது. ஊரைவிட்டுப் போய்விட்ட சிலருக்கு விற்றவற்றுக்கு மட்டும் கட்டவேண்டும்.

"அதுக்கு அப்பீல் போகலாமாக்கா?" என்று போனில் கேட்டான் மணிராஜ்.

"கட்டிருவோம்லே. அது எம்மேல உள்ள தப்பு," என்றாள் யூனிஸ். வாசலில் யாரோ எஞ்சின் பெல்ட் கேட்டார்கள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, பைய எழுந்து, எடுத்துக் கொடுத்தாள். "எந்தப் படகுக்குவே இது?" என்று கேட்டுப் பில்லிலேயே எழுதினாள்.