தாழக் கட்டிய சேலை

வங்காளத்தில் பவானிபூர் தமிழ்ப் பெண்கள் பதினொரு பேர் தாரகேஸ்வரத்துச் சிவன் கோயிலுக்கு நடக்கிறார்கள் என்றால், யார் என்ன உடுத்துவது என்ற லிஸ்ட்டை ரோஹிணிதான் போட வேண்டும். அவளைக் கேட்டால், நாலு வருஷமாக எல்லாரும் கெஞ்சுவதால் போடுகிறேன் என்பாள். யாரும் கெஞ்சியதாகத் தெரியவில்லை.

லிஸ்ட்டில் குறை சொல்லவும் முடியாது. ஷ்ராவண மாதத்து மழை. வைத்யபாட்டி என்ற ஊரின் படித்துறையில் கங்கையில் முங்கி, சொம்பில் தண்ணீர் எடுத்து, அதைத் தரையில் வைக்காமல் முப்பத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் நடந்துபோய்ச் சிவனுக்கு ஊற்ற வேண்டும். அதனால் காவி நிறத்தில் பருத்திச் சேலை. வெளிர் மஞ்சள் கூடாது, மெல்லிய வாயில் சேலை கூடாது. நனைந்தால் உடம்போடு ஒட்டிக்கொண்டு உள்ளதெல்லாம் தெரியும். கனத்த கைத்தறியும் வேண்டாம், தண்ணீர் குடித்துக் கல்லாகிவிடும். நைலான் பாவாடை தொடையை உரசிப் புண்ணாக்கும், ஆகவே பருத்திப் பாவாடை, அதற்குள் முழங்கால்வரை பருத்தி டிராயர். முழங்கைவரை வரும் பழைய ரவிக்கை. புதுச் சேலையை உப்புத் தண்ணீரில் இரண்டு தடவையாவது அலச வேண்டும், இல்லாவிட்டால் சாயம் இறங்கும். கணுக்காலுக்கு மேல் நாலு விரல் தெரியும்படி கட்ட வேண்டும், தடுக்கி விழாமல் நடக்கலாம்.

கடைசி வரி: செருப்பு, ஷூ எதுவும் கூடாது. வெறுங்கால்.

லிஸ்ட் போன அன்றே ரோஹிணி வீட்டுக்கு வந்தாள் அருக்காணி. ஈரோட்டுப் பக்கத்துக்காரி, கணவருக்கு மத்திய அரசு ஆபீசில் வேலை. அவருக்கு நெஞ்சில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் நடந்து வருகிறேன் என்று வேண்டியிருந்தாள். முடிந்தும்விட்டது.

"அக்கா, எனக்குச் சக்கரை இருக்குதுங்க. செருப்பில்லாம நடக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. துணி ஷூ ஒண்ணு போட்டுக்கலாங்களா?"

ரோஹிணி ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "பத்து பேர் வெறுங்காலோட வர்றப்போ நீ மட்டும் ஷூ போட்டா நல்லாவா இருக்கும்? வேண்டுதல்னு வந்துட்டா சிவன் பாத்துப்பார்."

"செரிங்க்கா," என்று சொல்லிவிட்டுப் போனாள் அருக்காணி. அவள் சுபாவம் அப்படி.

இதில் ரோஹிணி சொல்லாத ஒன்று இருந்தது. அவளுக்கும் குதிகால் வலி. காலையில் எழுந்து முதல் அடி வைத்தால் ஆணி ஏறும். நியூ டவுனில் இருக்கும் மகள் மஹிமா, அடியில் ரப்பர் மெத்தை வைத்த, தோல் நிறத்து சாக்ஸ் ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்திருந்தாள். தூரத்திலிருந்து பார்த்தால் வெறுங்கால்தான். கிட்டத்திலும் தெரியாமல் இருக்க என்ன செய்வது? சேலையைத் தாழக் கட்டினால் போயிற்று.

படித்துறையில் முங்கி எழுந்து, ஒருத்தி உடை மாற்ற இன்னொருத்தி சேலையை மறைப்பாகப் பிடித்தார்கள். ரோஹிணிக்கு மறைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அருக்காணி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு. ரோஹிணி அவசரமாகச் சாக்ஸை மாட்டி, கொசுவத்தைத் தரையைத் தொடும்படி இறக்கிச் செருகினாள்.

"பாருங்க, அக்கா எவ்வளவு அடக்கமா கட்டியிருக்காங்க! நாமதான் காலைக் காட்டிட்டு நிக்கறோம்," என்றாள் தமயந்தி. குழுவில் சின்னவள், பார்த்ததைச் சொல்லிவிடுகிறவள். ரோஹிணிக்குக் காது சூடானது. ஆனாலும் சிரித்துவைத்தாள். பாராட்டு யாருக்குக் கசக்கும்?

விடிந்ததும் புறப்பட்டார்கள். சிங்கூர் தாண்டும்வரை தூறல். ரோஹிணியின் சேலை ஓரம் சேற்றைக் குடித்துக் குடித்துக் கனத்துப்போனது. நாலு விரல் தூக்கிக் கட்டுங்கள் என்று தான் எழுதியது எவ்வளவு சரி என்று அவளுக்கே புரிந்தது. பிறகு வெயில் வந்தது. தார் ரோடு ஆவி விட்டது. "போலே பாபா" என்று சிவனைக் கூவிக்கொண்டு போன கூட்டத்தில் நரைத்த வங்காளத்து அம்மா ஒருத்தி நீலநிறத் துணி ஷூவோடு விறுவிறுவென்று போனாள். அவளை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரோஹிணி பார்த்தாள், பார்த்த கண்ணை உடனே வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அப்போதுதான் முன்னால் போன அருக்காணியின் வலது காலடி ஒவ்வொன்றும் ரோட்டில் செம்பழுப்பாகப் பதிவதைக் கண்டாள்.

"அருக்காணி, ரெண்டு தடவை அலசுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! சாயம் இறங்குது பார்."

அருக்காணி குனிந்து சேலையைப் பார்த்தாள். "மூணு தடவ அலசுனனுங்க்கா. மன்னிச்சுக்குங்க."

சாயம் என்றால் இரண்டு காலிலும் அல்லவா வழிய வேண்டும்? ஒரு காலில் மட்டும் ஏன்? கேள்வி ரோஹிணிக்கு அங்கேயே தோன்றியது. குனிந்து அந்தப் பாதத்தைப் பார்க்க ஒரு நிமிஷம் போதும். ஆனால் அவள் குனிந்தால் எல்லாரும் நிற்பார்கள், எல்லாரும் கால்களைப் பார்ப்பார்கள். சாயம்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இன்னும் ஒரு மணி நேரம் நடந்தாள். மெத்தைமேல் மெத்துமெத்தென்று. அந்த ஒரு மணி நேரத்தை அவள் தன் ஆயுசுக்கும் மறக்கப் போவதில்லை.

வழியோரச் சேவை முகாமில் சொம்புகளை மூங்கில் கொம்பில் தொங்கவிட்டு உட்கார்ந்தார்கள். சிமெண்டுத் தரையில் அருக்காணி வந்த தடத்தைப் பார்த்து, "தீதி, ரொக்தோ!" ரத்தம் என்று கத்திக்கொண்டு மருந்து போடும் ஆள் ஓடிவந்தார். பாதத்தைத் துடைத்தார். கட்டைவிரலுக்கு அடியில் பாட்டில் கண்ணாடி, நகம் அளவு, ஆழமாக இறங்கியிருந்தது.

"வலிக்கலையா அக்கா?" தமயந்தி அழுதேவிட்டாள்.

"பாதம் மரத்துப்போய் ரெண்டு வருசமாச்சுங்க. ஒண்ணுமே தெரியலீங்க."

சர்க்கரை என்று கேட்டதும் அவருக்குக் கோபம் வந்தது. இப்படிப்பட்ட காலை வெறுங்காலாக நடக்கவிட்டது யார், காலே போய்விடுமே, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று வங்காள மொழியில் சத்தம் போட்டார். அருக்காணி மெதுவாக, "நானாத்தானுங்க வந்தேன்," என்றாள்.

அதற்குமேல் ரோஹிணியால் தாங்க முடியவில்லை. எல்லார் முன்னாலும் சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கினாள். சேறு படிந்த சாக்ஸ் தெரிந்தது.

"நான்தான் விட்டேன். ஷூ கேட்டா. நான் கூடாதுன்னேன். நான் இதைப் போட்டுட்டு வந்தேன்."

தமயந்தி தலையைக் குனிந்துகொண்டாள். அருக்காணிதான் சொன்னாள், குறையாக அல்ல, சும்மா தகவல் சொல்வதுபோல.

"எனக்குத் தெரியுங்க்கா. படித்துறையில சேலையப் பிடிச்சுட்டு நின்னது நாந்தானுங்களே, கீழ தெரிஞ்சுது. லிஸ்ட்டு போடறவங்களுக்கு வேற சட்டமா இருக்குமாட்ட இருக்குதுன்னு நெனச்சுட்டனுங்க."

முகாம் வேன் வந்தது. கூடப் போக ரோஹிணி எழுந்தாள். அருக்காணி கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"தமயந்தி வரட்டுங்க. என்ற தண்ணிய நீங்க கொண்டுபோய் ஊத்திருங்க. அவருக்காக வேண்டுனதுங்க, பாதியில நிக்கப்படாது."

ரோஹிணி சாக்ஸைக் கழற்றப் போனாள்.

"அதப் போட்டுக்குங்க்கா. உங்களுக்குக் குதிகால் நோவு இருக்குதாட்ட இருக்குது. இல்லாட்டி எதுக்குப் போடறீங்க?"

வேன் போனது. ரோஹிணி கொசுவத்தை அவிழ்த்து, கணுக்காலுக்கு மேல் நாலு விரல் தெரியும்படி தூக்கிக் கட்டினாள். சாக்ஸ் பளிச்சென்று தெரிந்தது. ஆளுக்கு ஒரு சொம்பு, அவளிடம் மட்டும் தமயந்தியுடையதும் சேர்த்து மூன்று. ஹரிபால் ஊரை நெருங்கும்போது தமயந்தியிடமிருந்து போன் வந்தது. எலும்புவரை போகவில்லையாம், கால் தப்பிவிடுமாம், ஆனால் இரண்டு மாதம் ஊன்றக் கூடாதாம்.

கோயில்வரை பின்னால் வந்த எட்டுப் பெண்களும் அவள் கால்களைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். ஒருத்தியும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.