ஒன்பது ஜிபி கேட்ட மின்னஞ்சல்

எங்கள் கல்லூரி லேபில் இருப்பது ஒரே ஒரு கிராபிக்ஸ் கார்டு. முழு வேகத்தில் ஓடினால் அதன் சூட்டில் கோமுகி அணையில் ஒரு விரற்கடை தண்ணீர் ஆவியாகிவிடும். அணை வாட்ச்மேன் இரண்டு தடவை புகார் சொல்ல வந்திருக்கிறார்.

வெள்ளிமலையிலிருந்து வந்து படிக்கும் செந்தமிழ்ச்செல்விக்கு அந்தக் கார்டு வேண்டும். சாமை இலைப் படத்தைக் காட்டினால் நோயைச் சொல்லும் கணினி மாடல் அவளுடைய புராஜெக்ட். திங்கட்கிழமை ரிவியூ. மாடலைப் பயிற்றாமல் போனால் காட்ட ஒன்றுமில்லை. ஆனால் எப்போது ஓட்டினாலும் கார்டில் மெமரி போதவில்லை என்று நின்றுவிடும்.

லேப் தலைவர் மார்ட்டின் சாருக்கு அவள் மின்னஞ்சல் எழுதினாள்:

"சார், சனிக்கிழமை காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை கார்டு நேரம் வேண்டும். போன மாதம் சின்ன அளவில் ஓட்டிப் பார்த்ததில் ஒன்பது ஜிபி மெமரி போதும் என்று தெரிந்தது. மீதியை மற்றவர்கள் பயன்படுத்தலாம். ஒவ்வொரு பயிற்சிச் சுற்று முடிவிலும் மாடல் சேமிக்கப்படும். இடையில் யாராவது கேட்டால் நிறுத்திவிட்டு, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வேன். இப்போது இருபத்துநான்கு ஜிபியில் இருபத்திரண்டை, திறந்து மூடாமல் விட்ட ஒரு நோட்புக் புரோகிராம் பிடித்திருக்கிறது. அதன் பயன்பாடு பூஜ்யம். அதை மூட முடியுமா?"

அனுப்பிவிட்டு இன்பாக்ஸை இழுத்து இழுத்துப் பார்த்ததில் போன் கண்ணாடி தேய்ந்து வெற்றிலை மாதிரி ஆகிவிட்டது.

"அது யார் நோட்புக்குனு எழுதினியாடி?" என்றாள் தோழி ஜெஸி.

"எப்படி எழுதறது? சார் பேருதான் வருது."

"செத்த. இன்டர்னல் மார்க்கு அவரு கையிலதான்."

செல்வி நடக்க ஆரம்பித்தாள். வராந்தாவில் அவள் நடந்த தூரத்துக்குத் தியாகதுருகம் போய்த் திரும்பியிருக்கலாம். வெள்ளிக்கிழமை மதியம் சார் கூப்பிட்டனுப்பினார்.

"பஸ்ல துண்டு போட்டு எடம் புடிச்சுட்டு டீ குடிக்கப் போனவன் எவன்மா? பேரச் சொல்லு."

செல்வி சுவரைப் பார்த்தாள்.

"பயப்படாத, சொல்லு. கிழிச்சுடறேன் அவன."

"சார்... நீங்கதாங்க சார்."

அவர் கார்டில் ஓடுபவற்றின் பட்டியலைத் திறந்து பார்த்தார். ஆய்வுக்கு வந்தவர்களுக்குக் காட்டிய டெமோ, மூன்று வாரமாகத் திறந்தே கிடந்தது.

"மானிட்டர ஆஃப் பண்ணேனே."

"மானிட்டர்தாங்க சார் ஆஃப் ஆச்சு. நோட்புக் சர்வர்ல ஓடிக்கினு இருக்கு."

சார் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு நோட்புக்கை மூடினார். இருபத்திரண்டு ஜிபி காலியானது.

"நாளைக்கு ஒம்போதுலேர்ந்து அஞ்சு, உனக்கு. ஞாயித்துக்கெழம எனக்கு வேணும், இன்னா சொல்ற?"

"அவரையும் பிளான் எழுதி அனுப்பச் சொல்லுடி," என்று ஜெஸி வாசலிலிருந்து முணுமுணுத்தாள். சாருக்குக் காது கூர்மை. அன்று மாலையே லேபில் எல்லாருக்கும் ஒரு மின்னஞ்சல் வந்தது: ஞாயிற்றுக்கிழமைக்கு எத்தனை ஜிபி வேண்டும், எத்தனை மணி வரை வேண்டும் என்று. அனுப்பியவர் மார்ட்டின்.

சனிக்கிழமை காலை மாடல் ஓடத் தொடங்கியது. முதல் சுற்றில் அது எல்லா இலைக்கும் நோய் என்றது. மூன்றாவதில் பாதி சரியாகச் சொன்னது. செல்வி இன்னும் உட்காரவில்லை.