வட்டத்துக்குள் ஐந்து பேர்

எங்கள் பக்கத்து ஃபிளெக்ஸ் பேனரில் ஆளை நடுவில் வைப்போம், தலைவர்களை மூலையில் வைப்போம். மேலே மாநிலமும் மாவட்டமும், கீழே எம்.எல்.ஏ.வும் மண்டலத் தலைவரும். யாருடைய தலை ஒரு நூல் பெரிது என்பதற்குக்கூட சண்டை வரும். சித்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் ஏழு வருஷமாக நான் இந்தத் தலைகளை ஒட்டிக்கொண்டிருக்கிறேன். பிழைப்பு.

ஜெயம்மா அக்கா குடிபாலா பக்கத்துக்காரர். அவர் ஊர் சர்பஞ்ச், அதாவது ஊராட்சித் தலைவர் பதவி இந்த முறை பெண்களுக்கு. கட்சிக்காரர்கள் இரண்டு பேரை யோசித்துவைத்திருந்தார்கள், அதில் இவர் ஒருவர். யாருக்கு ஆதரவு என்று அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு மண்டலத் தலைவர் ஸ்ரீஹரி சொல்லுவார். காலனிக்குக் குழாய் கேட்டு நாலு வருஷம் மனு கொடுத்து அலுத்தவர் அக்கா. இனி மனு வாங்கும் நாற்காலியில் உட்கார்ந்தே தீருவது என்றிருந்தார். அந்த ஆசையைக் கேலி செய்ய எனக்கு வாய் வராது.

தப்பு என்னுடையது. ஃபிளெக்ஸுக்குச் செய்த அதே சதுரப் படத்தை வாட்ஸ்அப் டிபிக்கும் அனுப்பிவிட்டேன். டிபி வட்டமாகத்தான் தெரியும். வட்டம் வந்தால் முதலில் போவது மூலை. நாலு தலைவர்களும் போய்விட்டார்கள். ஸ்ரீஹரியின் ஒரு காது மட்டும் ஓரத்தில் மிச்சம். நடுவில் ஜெயம்மா அக்கா மட்டும் முகம் நிறைய இருந்தார். அவர் மகள் அகிலா திருப்பதியில் நர்சிங் படிக்கிறாள். அவள்தான் அம்மாவை அங்கே ஸ்டூடியோவுக்கு இழுத்துப் போய் எடுக்கவைத்த படம். நல்ல படம். ஆதார் அட்டையில் இருக்கும் பயந்த பொம்பளை இவர் இல்லை.

மத்தியானம் மூன்று மணிக்கு அக்கா வேர்த்து விறுவிறுக்கக் கடைக்கு வந்தார். "சுமித்ரா, இன்னாமா பண்ணி வச்சிக்கிற? ஸ்ரீஹரி அண்ணன் கத்திக்கினு கீறாரு" என்று போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார்.

"சார், படம் வெட்டுப்படல. மறைஞ்சிருக்கு, அவ்வளவுதான்" என்றேன். "டிபிய அமுக்கிப் பெருசாக்கிப் பாருங்க, சதுரமா முழுசா வரும். நீங்க இருப்பீங்க."

"அமுக்கிப் பாக்க ஊர்ல எவனுக்கும்மா டைம் இருக்கு?" என்றார் ஸ்ரீஹரி. "மூஞ்சி ரௌண்டுக்குள்ள வரணும். அஞ்சுக்குள்ள மாத்து."

நான் முழுப் படத்தையும் பத்துக்கு ஏழாகச் சுருக்கி, நாலு மூலையும் வட்டத்தைத் தொடும்படி வைத்து, சுற்றிலும் கட்சி நிறத்தை ஊற்றி அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் மறுபடி ஸ்ரீஹரியின் போன், மறுபடி ஸ்பீக்கர். போன் திரையில் டிபி ஒரு ரூபாய்க் காசளவு. அதற்குள் அவர் கடுகாட்டம் இருக்கிறாராம். பெரிசாக்க வேண்டுமாம்.

"எடம் எங்க இருக்கு சார்?" என்றேன். "உங்க நாலு பேரையும் பெருசாக்கினா அக்காதான் சின்னதாகணும்."

"சின்னதா ஆனா ஏமி போச்சு? ஓட்டு எங்க மூஞ்சிக்குத்தானே உழுவுது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்காவைப் பார்த்தேன். அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரிண்ணா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

"அக்கா, பழசையே வச்சிருங்க" என்றேன். "அதுல நல்லா இருந்தீங்க."

"நல்லாத்தான் இருந்தேன்" என்றார். "நல்லா இருந்து இன்னா பண்றது? குழாய் வரணுமில்ல. செய்யி."

செய்தேன். நாலு தலைகளும் வளர்ந்தன. அக்காவின் புடவை போனது, தோள் போனது, கழுத்து போனது. நடுவில் நெற்றிப் பொட்டும் கொஞ்சம் மூக்கும் தெரிந்தன. அதை அவரே கட்டைவிரலால் அழுத்தி டிபியாக வைத்தார். மணி நாலே கால்.

ஸ்ரீஹரி காத்திருக்கவில்லை. நாலரைக்கே ஊர் குரூப்பில் அறிவிப்பு வந்துவிட்டது: ஆதரவு ஜெயம்மாவுக்கு. கும்பிடும் கை எமோஜிகள் வரிசையாக விழுந்தன. அக்கா நாற்காலியில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். சந்தோஷம்தான். எனக்கும் சந்தோஷம்தான், இல்லை என்று சொன்னால் பொய்.

டீ வாங்கிவரச் சொல்லலாம் என்று நான் எழுந்தபோது அகிலாவிடமிருந்து போன் வந்தது. அக்கா அதையும் ஸ்பீக்கரில் போட்டார்.

"யம்மா, காலையில உன் டிபிய எங்க ஹாஸ்டல்ல எல்லாருக்கும் காட்டினேன். உங்கம்மாவாடி இதுன்னு அப்படியே பாத்துக்கினு இருந்தாங்க. இப்ப பாத்தா எவனெவனோ கீறான். நீ எங்கம்மா போன?"

ஜெயம்மா அக்கா போனைத் தூக்கி வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"எங்கயும் போலடி. எலெக்‌ஷன் முடியட்டும், வந்துர்றேன்."