அலமாரிக்குப் பின்னால் மூன்று அடி

எங்கள் ஊரான கோமானியில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். வராத ஒரு நாளில் கேஸ், தண்ணீர்க் குழாய் வேலை பார்க்கும் என்னை மபண்ட்லா டீச்சர் கூப்பிட்டார். நாற்பது குழந்தைகள் உள்ள பாலர் பள்ளி அவருடையது. ஆறு வாரம் வர வேண்டிய கேஸ் சிலிண்டர் மூன்றே வாரத்தில் தீர்கிறது. சமையல்காரி மராதேபே திருடுகிறாள் என்பது அவர் முடிவு. வேலை நீக்கக் கடிதம் மேசைமேல் கிடந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி.

“மார்ச்ல நீங்கதானே பார்த்துட்டு கசிவு இல்லன்னு எழுதிக் குடுத்தீங்க? அதே மாதிரி இன்னொண்ணு குடுங்க. அதையும் இந்தக் கடிதத்தோட சேர்த்து வச்சிடுறேன்.”

நான்தான் எழுதியிருந்தேன். மனைவியைப் புதைத்த அடுத்த வாரம் அது. அந்த வாரத்தில் என்ன செய்தேன் என்று தாளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ‘கேஸ் டியூபின் இரு முனைகளிலும் சோப்பு நுரை போட்டுச் சோதித்தேன். கசிவு இல்லை.’

சமையலறையில் மராதேபே சோளமும் பீன்ஸும் கிளறிக்கொண்டிருந்தாள்.

“வாப்பா. பத்தொம்பது கிலோ சிலிண்டரை நான் பாவாடைக்குள்ள வச்சு கொண்டுபோறேனாம். என்னைப் பார்த்தா அவ்வளவு இடம் இருக்கிற மாதிரியா தெரியுது?”

“அடுப்பை அணைங்க அக்கா.”

“பீன்ஸ் வேகல.”

“அணைங்க.”

அணைத்தாள். கேஜை மாட்டினேன். வெளியே கூண்டில் இருந்த சிலிண்டரைத் திறந்து, மறுபடி மூடினேன். அடுப்புத் திருகுகள் எல்லாம் மூடியிருந்தன. கசிவு இல்லையென்றால் கேஜில் அழுத்தம் காட்டும் முள் அசையாமல் நிற்க வேண்டும். இரண்டாவது நிமிடமே இறங்கத் தொடங்கியது.

இரு முனைகளிலும் நுரை போட்டேன். குமிழி இல்லை. மார்ச்சில் இத்தோடு நிறுத்தியிருக்கிறேன்.

சுவரிலிருந்து அடுப்புக்கு வரும் ஆரஞ்சு நிற டியூப் மூன்று அடி நீளத்துக்கு அலமாரிக்குப் பின்னால் போகிறது. அலமாரியை இருவரும் தள்ளினோம். தரையில் எலிப்புழுக்கை. டியூபில் பல் தடங்கள், இரட்டை இரட்டையாக. சில இடங்களில் ரப்பர் போய் உள்ளே இருந்த நூல் பின்னல் தெரிந்தது. அங்கே நுரையைத் தடவியதும் குமிழிகள் பொங்கின.

சில கடிகளின் ஓரம் வெளிறிக் கூர்மையாக இருந்தது. அவை புதியவை. மற்றவற்றில் தூசியும் பிசுக்கும் ஏறியிருந்தன. அவை பல மாதப் பழசு.

“சிலிண்டரைத் தினமும் சாயங்காலம் மூடுறேன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன்,” என்றாள் மராதேபே, வாசலில் நின்ற டீச்சரைப் பார்த்து. “திருடன் நாலு கால்ல வந்திருக்கான். அவனுக்குக் கடிதம் குடுங்க.”

டீச்சர் என் பக்கம் திரும்பினார். “சரி, டியூபை மாத்திட்டுக் கிளம்புங்க,” என்றார் என்னிடம்.

சுவரில் ஒரு கறுப்புப் பிசுக்குக் கோடு மேலே ஏறி, சீலிங் மூலையில் இருந்த ஓட்டைக்குள் போனது. எலி ஒரே வழியில் உரசிப் போய்வந்தால் அப்படி ஒரு கோடு விழும். ஏணியை எடுத்தேன்.

கூரைக்கடியில் வெப்பம் தடுக்கப் பரப்பியிருந்த கண்ணாடிப் பஞ்சு முழுதும் எலிச் சுரங்கம். பஞ்சு மேலே உலர்ந்திருந்தது. கையை அடியில் விட்டேன். ஈரமாகவும் கனமாகவும் இருந்தது. பஞ்சுக்கடியில் போன பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாயிலும் கடி. தண்ணீர் வராத நாள் என்பதால் சொட்டு விழவில்லை. வந்த நாட்களில் கசிந்ததைப் பஞ்சு குடித்துக்கொண்டது.

இறங்கி வந்தேன். அதற்கு நேர் கீழே இருந்தது குழந்தைகள் படுக்கும் அறை.

“பிள்ளைங்களை வெளிய கூட்டிட்டுப் போங்க. மேல குழாய் ஒழுகிப் பஞ்சு ஊறியிருக்கு, சீலிங் இறங்கலாம்.”

“மூணு வருஷமா ஒரு கறைகூட இல்லையே!” என்றார் டீச்சர். “தண்ணியே இல்லாத நாள்ல ஒழுகுதுன்னா?”

அவர் பேசி முடிப்பதற்குள் மராதேபே இரண்டு குழந்தைகளை இடுப்பில் எடுத்துவிட்டாள். மற்றவை அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போயின.

தண்ணீர் மெயின் வால்வை மூடினேன். ஓரமாக நின்று, நீளக் கம்பியால் சீலிங்கைக் குத்தினேன். பழுப்புத் தண்ணீர் கொட்டியது. பிறகு பலகை ஒன்று பஞ்சோடு விழுந்து மூன்று மெத்தைகளை மூடியது.

 டீச்சர் கடிதத்தை எடுத்து வந்து நான்காகக் கிழித்தார்.

நான் அறிக்கை எழுதினேன். கடைசி வரியாக, ‘மார்ச் சோதனையில் டியூபின் நடுப்பகுதியை நான் பார்க்கவில்லை. பழைய கடிகள் அப்போதே இருந்திருக்கலாம்’ என்று சேர்த்தேன்.

“இதை எழுதினா உங்க லைசென்ஸ்?” என்று கேட்டார் டீச்சர்.

“போகலாம்.”

மராதேபே அதை வாங்கிப் படித்தாள். என் சட்டைக் கையில் துக்க அடையாளமாகத் தைத்திருந்த கறுப்புத் துணியைப் பார்த்தாள்.

“உன் பொண்டாட்டி சாவுக்கு நாந்தான் சமைச்சேன். நாலு பானை. உனக்கு ஞாபகம் இருக்காது.”

“இல்லை.”

“எதையும் பார்க்காம உக்காந்திருந்தே. அப்படியே இங்கயும் வந்து கையெழுத்துப் போட்டிருக்கே. மூணு மாசம் எனக்குத் திருடிப் பட்டம்.” தாளைத் திருப்பிக் கொடுத்தாள். “டியூபை மாத்து. பீன்ஸ் அரைவேக்காட்டுல கிடக்கு.”

புது டியூபை, கடிக்க முடியாத எஃகு வலைக்குள் விட்டு மாட்டினேன். அவள் டார்ச் பிடித்தாள். முனையிலிருந்து முனைவரை நுரை தடவினேன். கேஜை மாட்டினேன்.

“எவ்வளவு நேரம் பார்க்கணும்?”

“அஞ்சு நிமிஷம்.”

“பத்து நிமிஷம் பாரு.”

பத்து நிமிடம் பார்த்தோம். முள் அசையவில்லை.