இருபத்தாறு கிலோ மூட்டை

தியாகராய நகர் மண்டிக்கு 5.2 டன் பொன்னி அரிசி வந்து, அதில் நூறு மூட்டை விற்றாயிற்று. இன்னும் 108 மூட்டை இருப்பதாகக் கணினி சொன்னது; கிடங்கில் இருந்தவையோ நூறுதான்.

“எட்டு மூட்டையும் காத்துல பறந்துருச்சோல?” முதலாளி அண்ணாச்சி, கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் ஜவஹரின் சட்டையைப் பிடித்து உலுக்கினார். “போலீஸக் கூப்புடுதேன்.”

“மூணு தபா எண்ணிட்டேன் அண்ணாச்சி, அவ்ளோதான் கீது.” ஜவஹர் மூட்டை அடுக்கைக் கைகாட்டினான்.

பில் போடும் ஷண்முகப்ரியாவின் கண்கள் அப்போதுதான் மூட்டையின் மேல் இருந்த அச்சில் நிலைத்தன: 26 கிலோ. ஆலை மூட்டையின் அளவை மாற்றியிருந்தது. அவளோ மூட்டைக்கு 25 கிலோ என்ற பழைய கணக்கையே கணினியில் விட்டுவைத்திருந்தாள். இருநூறு மூட்டையாக வந்த அரிசியை அது 208 ஆக்கிவிட்டிருந்தது. வாயைத் திறக்காமலிருந்தால் அவள் வேலை தப்பும், ஜவஹர் தப்பமாட்டான்.

“அண்ணாச்சி, மூட்டைக்கு இருபத்தாறு கிலோ. தப்பு என்னோடது. திருட்டே இல்ல.”

அண்ணாச்சியின் பிடி தளர்ந்தது. ஆனால் அவர் மனத்தில் அடுத்த கணக்கு உடனே ஓடியது.

“அப்போ வித்த நூறுக்கும் இருபத்தஞ்சு கிலோ வெலதான் போட்டியா, பிள்ள?”

நூறு கிலோ அரிசி இனாமாகப் போயிருந்தது. ஆமென்று தலையசைத்தாள் அவள்.