வெட்டின விளிம்பு

வின்னிபெக் நகரத்தில் ஆம்ப்ரோஸின் படக்கடையில் பதினோரு வருடமாகப் படம் திருத்துகிறவள் வெர்னா. கடினமான வேலை என்றால் அவளிடம்தான் வரும். இந்த வசந்தத்தில் டாம்சின் சேர்ந்த பிறகு அது மாறிப்போனது. வாடிக்கையாளர் லிண்ட்க்விஸ்ட் கொண்டுவந்த குடும்பப் படத்தை ஆம்ப்ரோஸ் நேராக அந்தப் பெண்ணிடம் நீட்டியபோது வெர்னா தானும் நீட்டியிருந்த கையை மடக்கிக்கொண்டாள்.

போனின் போர்ட்ரெய்ட் முறையில், பின்னணி மங்கும்படி எடுத்த படம் அது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மா தெளிவாக இருந்தாள். பின்னால் நின்ற மகள் லேசாக மங்கியிருந்தாள். அதற்கும் பின்னால் மரங்கள் முழுக்கக் கலைந்திருந்தன. ஊரில் இல்லாத மகனை வேறொரு படத்திலிருந்து வெட்டி, அக்காவின் பக்கத்தில் நிறுத்த வேண்டும். டாம்சின் ஒரே மணி நேரத்தில் நிறுத்திவிட்டாள். அவன் சட்டைத் தையல்வரை துல்லியமாகத் தெரிந்தது. ஆம்ப்ரோஸ் அவளைப் புகழ்ந்தார். தவறு வெர்னாவின் கண்ணில் உடனே பட்டது; வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் லிண்ட்க்விஸ்ட் படத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார். மகன் ஒட்டவைத்த அட்டை மாதிரி இருக்கிறான் என்றார். உள்ளுக்குள் வெர்னாவுக்குத் தித்தித்தது. அந்தத் தித்திப்பு ஒரு நிமிடம்கூட நிலைக்கவில்லை. டாம்சினுக்குக் கற்றுக்கொடுக்கும்படி ஆம்ப்ரோஸ் அவளையே உட்கார வைத்துவிட்டார்.

"அவன் அக்கா நிக்கிற தூரத்துலதானே நிக்கிறான்? அப்போ அக்கா எவ்வளவு மங்கலோ அவனும் அவ்வளவு மங்கணும். அவ கோட்டுப் பித்தானைப் பெருசாக்கிப் பாரு, அதுதான் அளவு," என்றாள் வெர்னா.

அதோடு நிறுத்திக்கொண்டாள். உருவத்தை மட்டும் மங்க வைத்தால் வெட்டின விளிம்பு கத்திமுனையாகவே நிற்கும், விளிம்பும் சேர்ந்து கரைய வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. அவன் கையை மறைக்கும் அம்மாவின் தோள் மட்டும் முன்போலவே தெளிவாக இருக்க வேண்டும் என்பதையும் விழுங்கிவிட்டாள்.

வெர்னா சொன்னபடியே டாம்சின் செய்தாள். படம் இன்னும் உறுத்தியது. உதவி கேட்பாள் என்று வெர்னா ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கேட்கவே இல்லை. அக்காவின் தலைமுடி ஓரத்தையும் தம்பியின் காதோரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். வெட்டிய விளிம்பையும் அதே அளவுக்குக் கரைத்தாள். அம்மாவின் தோளைத் தனியாக எடுத்து மேலே வைத்தாள். தம்பி அக்காவின் பக்கத்தில் வந்து நின்றுகொண்டான்.

மதியம் வந்த லிண்ட்க்விஸ்ட் படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, உறைக்குள் வைத்துக்கொண்டார். ஆம்ப்ரோஸ் பாராட்ட வந்தபோது டாம்சின், "வெர்னா சொல்லிக்கொடுத்தாங்க," என்றாள்.

அந்தப் பேச்சுதான் வெர்னாவை அதிகமாகச் சுட்டது. ஆம்ப்ரோஸ் போனதும் மெல்லக் கேட்டாள்: "விளிம்பைப் பத்தி நான் சொல்லவே இல்லையே?"

"சொல்லலை," என்றாள் டாம்சின். "ஆனா நேத்து என் படத்தைப் பார்த்தப்போ உங்க கண்ணு முதல்ல அங்கதான் போச்சு. அப்பவே நீங்க சொல்லியிருக்கலாம்."

கோபமாகச் சொல்லவில்லை. சாயங்காலம்வரை வெர்னா தன் திரையைத் தவிர வேறெங்கும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள்.